இருப்பு தீர்ந்த பொருட்பக்கங்கள்: தலைப்பும் விவரிப்பும்

இணையக் கடையில் ஒரு பொருள் தற்காலிகமாகத் தீர்ந்துபோனாலோ, அதன் விற்பனை நிரந்தரமாக நின்றுபோனாலோ, அதற்குரிய பக்கத்தின் தலைப்பையும் விவரிப்பையும் என்ன செய்வது என்பதைப் பற்றியது இக்கட்டுரை. தலைப்பு என்பது பக்கத்தின் நிரலில் `<title>` குறிக்குள் இருக்கும் வரி. தேடல் முடிவுகளில் சொடுக்கக்கூடிய பெரிய எழுத்தாகப் பெரும்பாலும் அதுவே தோன்றும். விவரிப்பு என்பது `<meta name="description">` குறியில் இருக்கும் ஓரிரு வாக்கியங்கள். தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் அது வரலாம். பக்கத்தின் உடலிலிருந்து வேறு வரியைத் தேடுபொறி எடுத்துப் போடுவதும் உண்டு. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு கூகுள் தலைப்பையும் பக்கத்தின் உள்தலைப்பு முதலியவற்றைப் பார்த்துத் தானே மாற்றிக் காட்டுவது கூடியிருக்கிறது.

இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டும் பொருள் ஒன்று நீலகிரியில் உண்டு. அது ப்ராஸ்ட் டீ.

ப்ராஸ்ட் டீயின் காலக்கணக்கு

நீலகிரியில் உருவாகும் தேயிலையில் பெரும்பகுதி சிடிசி வகை. அது ஆண்டு முழுவதும் ஆலைகளிலிருந்து குன்னூர் ஏலத்துக்கு வந்துகொண்டே இருக்கும். கடையில் தீர்ந்தாலும் அடுத்த வாரம் வந்துவிடும். ப்ராஸ்ட் டீ அப்படியல்ல. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில், உயரமான தோட்டங்களில் பறித்து, ஆர்த்தடாக்ஸ் முறையில் சிறிதளவு செய்யப்படுவது. உறைபனி நேரடியாக விழுந்த இலை கருகிப்போகும். ஆனால் குளிர் இரவுகளில் மெதுவாக வளரும் தளிரில் மணம் கூடுகிறது. அந்த மணத்துக்காகத்தான் இந்தத் தேயிலையைத் தேடி வாங்குகிறார்கள். பருவம் முடிந்து இருப்பும் தீர்ந்துவிட்டால், அடுத்த குளிர்காலம் வரை புதிய இலை கிடையாது.

குன்னூரில் ஒரு சிறு தேயிலைக் கடை, அதற்கு ஓர் இணையதளம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் கடைசிப் பாக்கெட் விற்றுவிடுகிறது. கடைக்காரர் தலைப்பின் முன்னால் ‘ஸ்டாக் இல்லை’ என்று சேர்க்கிறார். வாடிக்கையாளரை ஏமாற்றக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் தலைப்பு என்பது கடை வாசலில் தொங்கும் அட்டை போன்றதன்று. நினைத்த நேரத்தில் திருப்பிவிட முடியாது. கடைக்காரர் மாற்றிய சொல் தேடல் முடிவில் தெரிய வேண்டுமானால், தேடுபொறியின் ஊர்ந்துசெல்லும் நிரல் மறுபடியும் அந்தப் பக்கத்துக்கு வர வேண்டும். பெரிய செய்தித் தளங்களுக்கு அது சில மணி நேரத்திலேயே வரும். ஐம்பது பக்கமுள்ள சிறு கடைக்கு, அதிலும் பல மாதம் அசையாமல் கிடந்த பக்கத்துக்கு, வாரங்கள்கூட ஆகலாம்.

ஜனவரித் தொடக்கத்தில் புதிய தேயிலை வருகிறது. கடைக்காரர் தலைப்பை உடனே திருத்துகிறார். கூகுளில் தேடுபவருக்கோ இன்னும் ‘ஸ்டாக் இல்லை’ என்றே தெரிகிறது. விற்பனைக் காலமே மூன்று மாதம்தான்; அதில் இரண்டு மூன்று வாரம் இப்படிக் கழிந்தால், வாங்க வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார். சர்ச் கன்சோலில் அந்த முகவரியை ஆய்வுப் பெட்டியில் இட்டு, மறுபடி அட்டவணைப்படுத்தும்படி கேட்கலாம்; அதுவும் ஒரு வேண்டுகோள்தான், உத்தரவாதமன்று.

தேடுபொறி திரும்பி வரும் காலத்தைவிட வேகமாக மாறக்கூடிய எதையும் தலைப்பில் எழுதக் கூடாது. தீர்ந்த பொருளின் பக்கத்துக்கான நடைமுறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன. ‘இருக்கிறது’, ‘இல்லை’, ‘நாளை வரும்’, ‘பத்துப் பாக்கெட் மட்டும்’ ஆகியவை தலைப்புக்கு உரியவை அல்ல. தலைப்பு பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும்.

விவரிப்பில் ஒரு சலுகை உண்டு. ‘இன்று இருக்கிறதா’ என்பதை எழுதக் கூடாது. ‘எப்போது கிடைக்கும்’ என்பதை எழுதலாம். ப்ராஸ்ட் டீயின் பருவம் ஆண்டுதோறும் மாறாதது. எனவே கீழுள்ள இரண்டு வரிகளும் ஜனவரியிலும் உண்மை, ஜூலையிலும் உண்மை:

```html
<title>நீலகிரி ப்ராஸ்ட் டீ - Nilgiri Frost Tea 100 g</title>
<meta name="description" content="குளிர்காலத்தில் மட்டும் பறிக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை. புதிய பாக்கெட் ஜனவரி முதல்; இருப்புள்ளவரை.">
```

ஆங்கிலப் பெயரையும் தலைப்பில் வைத்ததற்குக் காரணம், தமிழில் இதை ‘ப்ராஸ்ட்’, ‘பிராஸ்ட்’, ‘ஃப்ராஸ்ட்’ என்று பலவிதமாக எழுதுகிறோம். `frost tea` என்று தட்டச்சு செய்பவர்களும் தமிழரே. தமிழ்த் தலைப்புக்கு இன்னொரு கவனமும் தேவை. தலைப்பு இத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் ஆங்கிலத்தைவிட முன்னதாகவே வெட்டுப்படும். எழுத்தை எண்ணும் கருவிகளும் இங்கே உதவாது. ‘தேயிலை’ நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறிகள் தனித்தனியாக எண்ணப்படுவதால் ஆறு. ஆகவே பொருளின் பெயர் முதலில், எடை அடுத்து, கடையின் பெயர் வேண்டுமானால் கடைசியில்.

ஒவ்வோர் ஆண்டும் `/frost-tea-2024`, `/frost-tea-2025` என்று புதுப் பக்கம் தொடங்கும் பழக்கமும் சில கடைகளில் உண்டு. அப்படிச் செய்தால் பழைய பக்கத்துக்குக் கிடைத்த இணைப்புகளும் வாடிக்கையாளர் மதிப்புரைகளும் பழையதோடே நின்றுவிடும். `/frost-tea` என்று ஒரே முகவரியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதே நல்லது. எந்த ஆண்டு அறுவடை என்பதைப் பக்கத்தின் உடலில் எழுதினால் போதும்.

இருப்பை எங்கே சொல்வது

இருப்பு இல்லை என்பதை மறைக்கச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு உரிய இடங்கள் இரண்டு. ஒன்று, வாங்குபவர் பார்க்கும் பக்கம்: விலைக்கு அருகே, செயல்படாத வாங்கும் பொத்தானின் மேல். மற்றொன்று, தேடுபொறி படிக்கும் கட்டமைத்த தரவு:

```json
"offers": {
  "@type": "Offer",
  "price": "450",
  "priceCurrency": "INR",
  "availability": "https://schema.org/OutOfStock"
}
```

புதிய தேயிலை வந்ததும் `OutOfStock` என்பதை `InStock` என்று மாற்ற வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு அனுப்புவதானால் `PreOrder`. இருப்புக் கணக்கோடு இணைத்துவிட்டால் இதைக் கடை மென்பொருளே மாற்றிவிடும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் பொருள்களைப் பட்டியலிட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே கொடுத்த இருப்பு நிலையும் பக்கத்தில் தெரியும் நிலையும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று `in_stock`, மற்றது ‘தீர்ந்துவிட்டது’ என்றிருந்தால் அந்தப் பொருள் நிராகரிக்கப்படலாம்.

பக்கத்தில் அறிவிப்பை எழுதும் விதத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. படம், விலை, விவரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ‘இப்பொருள் தற்போது இல்லை’ என்ற ஒற்றை வரியை மட்டும் போட்டால், சேவையகம் 200 என்ற நிலைக்குறியை அனுப்பினாலும், கூகுள் அதை இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். இதற்கு ‘சாஃப்ட் 404’ என்று பெயர். பக்கம் மெல்லத் தேடல் முடிவிலிருந்து விழுந்துவிடும். கடையின் பக்கத்தில் எந்த எச்சரிக்கையும் தெரியாது. சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையில் `Soft 404` என்ற வரியின் கீழ் அந்த முகவரி இருக்கிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பக்கத்தை முழுதாக வைத்திருப்பதே இதற்கு மருந்து: தேயிலையின் படம், விலை, போடும் முறை, மதிப்புரைகள், அடுத்த அறுவடைக்குத் தகவல் பெற ஒரு பெட்டி.

அறிவிப்பு வரி பக்கத்தின் உச்சியில் இருந்தால், நாம் எழுதிய விவரிப்பை விட்டுவிட்டு அந்த வரியையே கூகுள் முடிவில் காட்டுவதும் நடக்கிறது. அதைச் சுற்றியுள்ள `div` குறியில் `data-nosnippet` என்ற பண்பை வைத்தால் முடிவுப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளாது. பக்கத்துக்கு வருபவருக்கு வழக்கம்போலத் தெரியும்.

கடை மென்பொருள் தானாகச் செய்யும் ஒரு காரியத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வூகாமர்ஸில் `Hide out of stock items from the catalog` என்றொரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் தீர்ந்த பொருள் பட்டியல் பக்கங்களிலிருந்து மறைந்துவிடும். பொருட்பக்கம் இருக்கும், அதற்குப் போகும் வழி இருக்காது. வழியில்லாத பக்கத்துக்குத் தேடுபொறியும் அரிதாகவே வரும். இரண்டு நாள் தட்டுப்பாட்டுக்கு இது பெரிய சேதமில்லை. எட்டு மாதம் தீர்ந்திருக்கும் பருவப் பொருளுக்கு இந்தத் தேர்வை அணைத்து வைப்பதே சரி.

இனி வரவே வராத பொருள்

நிரந்தரமாக நின்றுபோன பொருளுக்கு மேற்சொன்ன விதி தலைகீழாகிறது. நிலை இனி மாறாது. ஆகவே அதைத் தலைப்பிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும்.

ஊட்டியில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், நிலவைக் குறிக்கும் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. ஆலை நின்றுவிட்டது, பெயர் நிலைத்தது. பொருள் போன பின்னும் பெயர் தேடப்படுவதற்கு இது நல்ல உதாரணம். அந்தப் பிலிமுக்குப் பக்கம் வைத்திருக்கும் ஒரு போட்டோ கடை, பக்கத்தை அழித்துவிட்டால் தேடி வருபவருக்குக் கிடைப்பது வெற்றுப் பிழைச்செய்தி. ‘இந்து கறுப்பு வெள்ளை பிலிம்: உற்பத்தி நின்றது, மாற்றுப் பிலிம்கள்’ என்று தலைப்பை மாற்றி, `availability` வரியில் `https://schema.org/Discontinued` என்று இட்டு, பிலிமின் விவரத்தையும் இன்று கிடைக்கும் மாற்றுகளையும் எழுதினால், அது வந்தவருக்குப் பதில் சொல்லும் பக்கமாகிவிடும்.

எல்லாப் பொருளுக்கும் இந்த மரியாதை தேவையில்லை. யாரும் தேடாத, வேறு தளங்கள் இணைப்புத் தராத பக்கத்தை 404 அல்லது 410 குறியோடு எடுத்துவிடலாம். இரண்டையும் கூகுள் ஏறத்தாழ ஒன்றாகவே கருதுகிறது. செய்யக் கூடாதது, நின்றுபோன பொருள்கள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. ஏலக்காய் டீயைத் தேடி வந்தவரை முகப்பில் இறக்கிவிட்டால் அவருக்கும் பயனில்லை. கூகுளும் அதைச் சாஃப்ட் 404 என்றே கணக்கில் வைக்கும்.

அதே தேயிலை வேறு உறையில் வரும்போதுதான் 301 என்ற நிரந்தரத் திருப்பம் பொருந்தும். 250 கிராம் அட்டைப்பெட்டி நின்று 200 கிராம் பை வந்தால், பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பி, புதிய பக்கத்தின் விவரிப்பில் ‘முன்பு 250 கிராம் பெட்டியில் வந்த அதே கலவை’ என்று ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். எடை குறைந்ததை வாங்குபவர் பக்கத்தைத் திறக்கும் முன்பே தெரிந்துகொள்வது நியாயம். திருப்பத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும்படி கூகுள் அறிவுறுத்துகிறது. பழைய பெட்டியின் பின்புறத்தில் அச்சான முகவரியைப் பார்த்து வருகிற ஒருவர் அதற்குப் பிறகும் இருப்பார். கடைக்காரர்கள் அதை எடுக்காமலே விட்டுவிடட்டும்.