ஸ்க்ரீன்ஷாட் அனுப்பப் போறீங்களா? ஒரு நிமிஷம்... மேலேயும் கீழேயும் பாருங்க!

ஹாஸ்டல் குரூப்பில் டூருக்குப் பணம் வசூலிக்கிறார்கள். நீங்களும் 1,200 ரூபாயை ஜிபே பண்ணிவிட்டு, ஆதாரத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போடுகிறீர்கள். அடுத்த நிமிஷமே ஒரு நண்பர் கேட்கிறார்: ``ஏய், லேப்ல இருந்து பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் ரெடின்னு மெசேஜ் வந்திருக்கு... என்னாச்சு உனக்கு?''

நீங்கள் பார்த்தது 1,200 ரூபாயை மட்டும்தான். படம் எடுத்த அந்த நொடியில் திரையின் உச்சியில் எட்டிப்பார்த்த பேனரை, குரூப்பில் இருக்கும் 40 பேரும் பார்த்துவிட்டார்கள்.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு அமைச்சர்கள் வீடியோவில் ரகசியக் கூட்டம் நடத்தினார்கள். நெதர்லாந்து அமைச்சரின் ட்விட்டர் பக்கத்தில், அவர் வீட்டிலிருந்து வேலை செய்யும் படம் வெளியானது. அதில் கூட்டத்தின் லாக்-இன் முகவரியும், ஆறு இலக்க பின் நம்பரில் ஐந்து இலக்கங்களும் தெரிந்தன. மிச்சம் ஒரே ஓர் இலக்கம். 0 முதல் 9 வரை அதிகபட்சம் பத்து முறை முயன்றால் போதும். டானியல் ஃபெர்லான் என்ற பத்திரிகையாளர் அப்படித்தான் கூட்டத்துக்குள் நுழைந்து, அமைச்சர்களுக்குக் கையசைத்தார். `பாதிதானே தெரியுது' என்று விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? திரையை மேலிருந்து கீழாக, நான்கு இடங்களில் பாருங்கள்.

1. உச்சி: நோட்டிஃபிகேஷன் பேனர்

பேனர் சில நொடிகள்தான் நிற்கும். அதனால், வந்த உடனே எடுக்காமல், அது மறையும்வரை காத்திருந்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்தது. ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்டுக்கு இது போதும்.

ஸ்க்ரீன் ரெக்கார்டிங், ஸ்க்ரீன் ஷேரிங் என்றால் போதாது. அதற்கு முன் `டு நாட் டிஸ்டர்ப்' போட வேண்டும். ஆனால், பல ஆண்ட்ராய்டு போன்களில் அது சத்தத்தை மட்டும்தான் நிறுத்தும்; பேனர் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும். அந்த செட்டிங்ஸுக்குள் போய், நோட்டிஃபிகேஷன் கண்ணிலும் படக் கூடாது என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, நண்பரை ஒரு `ஹாய்' அனுப்பச் சொல்லுங்கள். திரையில் எதுவும் வரவில்லை என்றால் ஓகே.

2. தலைப்பு: யாருடைய சாட்?

வாட்ஸ்அப் சாட்டைப் படம் எடுத்தால், எதிராளியை நீங்கள் எந்தப் பெயரில் சேவ் செய்திருக்கிறீர்களோ அந்தப் பெயர் மேலே இருக்கும். `மொக்க மேனேஜர்' என்று வைத்திருந்தால் அதுவும்தான்! சேவ் செய்யாத நம்பர் என்றால் போன் நம்பர் அப்படியே தெரியும். குரூப் என்றால், பெயருக்குக் கீழே உறுப்பினர்களின் பெயர்களும் நம்பர்களும் வரிசையாக நிற்கும். அவர்களில் யாரும் தங்கள் நம்பரை வெளியே விடச் சொல்லி உங்களிடம் அனுமதி தரவில்லை. அதனால் தலைப்பை முழுசாக வெட்டிவிடுவதுதான் நல்லது.

3. நடுப்பகுதி: எது தேவை, எது கூடுதல்?

அந்த ஜிபே படத்துக்கே வருவோம். குரூப்பில் இருப்பவர்களுக்குத் தேவை, தொகை, தேதி, யாருக்குப் போனது, பரிவர்த்தனை எண். இவ்வளவுதான். ஆனால் அதே திரையில் உங்கள் பேங்க் பெயரும் யூபிஐ ஐடி-யும் இருக்கும். பலருடைய யூபிஐ ஐடி-யின் முதல் பாதி, அவர்களின் போன் நம்பரேதான். பெயர், நம்பர், பேங்க், நேற்று அனுப்பிய தொகை... இந்த நான்கும் கையில் இருந்தால், ``சார், பேங்க்ல இருந்து பேசறோம். நேத்து 1,200 ரூபாய் அனுப்பினீங்கல்ல...'' என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் யாராக இருந்தாலும் ஒரு நொடி நம்பிவிடுவார்கள். எனவே தொகையும் தேதியும் பெறுபவர் பெயரும் பரிவர்த்தனை எண்ணும் போக, மற்றதை வெட்டுங்கள் அல்லது மறையுங்கள்.

4. அடி: கீபோர்டு

இதைத்தான் பலரும் மறக்கிறோம். கீபோர்டு திறந்திருந்தால், அதன் மேல்வரிசையில் நீங்கள் கடைசியாக காப்பி செய்தது வந்து நிற்கலாம். அது அக்கவுன்ட் நம்பராக இருக்கலாம், இப்போதுதான் வந்த ஓடிபி-யாகக்கூட இருக்கலாம். பாதி டைப் செய்து அனுப்பாமல் விட்ட மெசேஜும் அங்கேயேதான் இருக்கும். படம் எடுப்பதற்கு முன் கீபோர்டை மூடிவிடுங்கள்.

லேப்டாப்பில் வேறு கதை

கூகுள் மீட்டில் புராஜெக்ட்டைக் காட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மேலே 15 டேப்கள். ஜிமெயில் டேப்பின் தலைப்பிலேயே எத்தனை மெயில் படிக்காமல் கிடக்கிறது என்பதும் உங்கள் மெயில் ஐடி-யும் இருக்கும். இன்னொரு டேப்பில் வேறு கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கம். அதை உங்கள் டீம் லீட் படிக்க ஒரு நொடி போதும். போதாக்குறைக்கு, அட்ரஸ் பாரில் ஓர் எழுத்து தட்டினாலே நீங்கள் முன்பு போன பக்கங்கள் வரிசைகட்டி இறங்கும்.

இதற்கு வழி எளிது. ஷேர் பட்டனை அழுத்தியதும் முழுத் திரையா, ஒரு விண்டோவா, ஒரு டேப்பா என்று கேட்கும். டேப் மட்டும் என்று கொடுத்தால் மற்ற டேப்களும் பேனர்களும் எதிராளிக்குத் தெரியாது. முழுத் திரையைத்தான் காட்ட வேண்டும் என்றால், தேவையான பக்கத்தை மட்டும் புதிய விண்டோவில் திறந்து, வாட்ஸ்அப் வெப்பையும் மெயிலையும் மூடிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் வேண்டும் என்றால், விண்டோஸில் Win + Shift + S, மேக்கில் Shift + Command + 4. தேவையான பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

மறைக்கிறேன் என்று கிறுக்காதீர்கள்

போன் எடிட்டரில் ஹைலைட்டர் பேனாவைக் கறுப்பு நிறத்தில் வைத்துத் தேய்த்தால் மறைந்தது போலத்தான் இருக்கும். அந்த மை ஒளி ஊடுருவக்கூடியது. பிரைட்னஸைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து மேலே வந்துவிடும். அழுத்தமான நிறத்தில், உள்ளே முழுசாக நிரப்பிய கட்டத்தை வைத்து மூடுங்கள். வெட்ட முடிந்தால் வெட்டுவதே மேல்.

வெட்டுவதிலும் ஒரு முறை சறுக்கியது. கூகுள் பிக்ஸல் போன்களின் எடிட்டரில் வெட்டிய படத்துக்குள், வெட்டப்பட்ட பகுதியின் தரவு ஒட்டிக்கொண்டே இருந்தது 2023 மார்ச்சில் தெரியவந்தது. அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் பகிர்ந்த படங்களை எந்த அப்டேட்டாலும் திருத்த முடியாது. பழைய பிக்ஸலில் வெட்டி எங்காவது போட்ட படங்கள் இருந்தால், அவற்றை நீக்கிவிடுங்கள்.

ஐயோ, அனுப்பிட்டேனே!

வாட்ஸ்அப்பில் என்றால் உடனே `எல்லோருக்கும் நீக்கு' கொடுங்கள். இரண்டு நாளுக்கும் மேல் அவகாசம் உண்டு. என்றாலும், யாருடைய கேலரியிலாவது தானாக சேவ் ஆகியிருந்தால் அது அங்கேயே இருக்கலாம். அதனால் நீக்கியதோடு நிற்காமல், தெரிந்துபோன விஷயத்தையே செல்லாததாக்குங்கள். பாஸ்வேர்டு தெரிந்திருந்தால் மாற்றுங்கள். மீட்டிங் லிங்க் தெரிந்திருந்தால் புதிய லிங்க் போடுங்கள். கூகுள் டாக்குமென்ட் லிங்க் என்றால் ஷேரிங்கை நிறுத்துங்கள். அடுத்தவர் நம்பர் போயிருந்தால், அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தெரியாத கால் வரும்போது அவர் உஷாராக இருப்பார்.

லேப் ரிப்போர்ட் மாதிரி விஷயத்தை மட்டும் எதைக் கொண்டும் மாற்ற முடியாது. அதனால்தான் சொல்கிறோம்: அனுப்பும் பட்டனைத் தொடுவதற்கு முன், படத்தை ஒருமுறை பெரிதாக்கி, உச்சி முதல் அடிவரை பார்த்துவிடுங்கள். பத்து நொடி வேலைதான்.