மார்க்கப்பும் மார்ஜினும்

இலாபத்தை அடக்கவிலையால் வகுத்தால் மார்க்கப். விற்பனை விலையால் வகுத்தால் மொத்த இலாப விகிதம், அதாவது மார்ஜின். ஒரே ரூபாய்தான், வகுக்கும் எண் வேறு.

அந்தமானின் டாலிகஞ்சில் ஒரு கடைக்காரர் சென்னையில் 76 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்குக் கப்பல் கூலி, இறக்குகூலி 8 ரூபாய் என்று கொள்வோம். அடக்கம் 84. அவருக்கு 30% மார்ஜின் வேண்டும். விலைப்பட்டியலில் `A2` அடக்கம், `B2` விகிதம் என்றால் சரியான வாய்பாடு:

```
=A2/(1-B2)
```

விடை 120 ரூபாய். பலரும் `=A2*(1+B2)` என்று போட்டு 109.20-இல் நின்றுவிடுகிறார்கள், அதில் மார்ஜின் ஏறக்குறைய 23% மட்டுமே. இலாபத்தை விற்பனை விலையால் வகுத்துப் பார்த்தால் பிழை தெரியும். கப்பல் கூலியை அடக்கத்தில் சேர்க்க மறந்தால் இந்தச் சோதனையும் பொய்யாகவே பதில் சொல்லும். மார்க்கப்பை மார்ஜினாக்க `m/(1+m)`, திருப்ப `g/(1-g)`.

சட்டமும் இதில் குழப்பவே செய்கிறது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, உச்சவரம்பு விலைக்காகச் சில்லறை வணிகருக்கு 16% ‘மார்ஜின்’ தருகிறது. ஆனால் அது அவர் வாங்கும் சராசரி விலையின் மேல் கூட்டப்படுவது: 100 ரூபாய் 116 ஆகும். கணக்குப்படி அது மார்க்கப். வரி நீங்கலாக, மார்ஜின் 13.8%தான்.