கோடுகளின் கோத்திரம்

சென்ற பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் போகும் வழியில் ஒரு கடையில் கற்பூரப் பொட்டலம் வாங்கினேன். லிங்கத்தின் முன் ஏற்றினேன். எரிந்து முடிந்ததும் தட்டில் மெழுகுபோல் ஒரு கசடு ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல கற்பூரமென்றால் எரிந்தபின் எதுவும் மிஞ்சாதே! உறையைத் தேடினால், அவசரத்தில் கிழித்தெறிந்ததில் விலாசம் போய்விட்டிருந்தது. கறுப்புக் கோடுகளும் அவற்றின் கீழே பதின்மூன்று எண்களுமே மிச்சம்.

"890னு ஆரம்பிக்குது பாருங்க சார், இந்தியாவுல செஞ்ச சரக்குதான்" என்றார் கடைக்காரர். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது சரியல்ல என்பதை அந்தக் கோடுகளின் சரித்திரமே சொல்லும.

1949ஆம் ஆண்டு அமெரிக்காவில், மியாமிக் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தார் நார்மன் உட்லண்ட் என்ற இளைஞர். தந்திக்குரிய மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் நினைத்தபடி விரல்களால் மணலைக் கீறினார். பிறந்தன மெல்லியவும் தடித்தவுமான கோடுகள். நண்பர் பெர்னார்ட் சில்வருடன் சேர்ந்து 1952இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆனால் இன்றைய கோடு கடையில் முதன்முதல் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தில்.

அந்த அமெரிக்க எண்ணிலேயே ஒரு பகுதி கம்பெனிக்கு, ஒரு பகுதி சரக்குக்கு என்று பாகம் பிரித்திருந்தார்கள். பின்னர் ஐரோப்பியர் அதைப் பதின்மூன்று இலக்கமாக்கி, முன்னால் நாட்டு அமைப்புக்கென எண்களை ஒதுக்கினார்கள். இந்தியாவில் எண் வழங்கும் அமைப்பு 1996இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஜிஎஸ்1 இந்தியா. 890 அந்த அமைப்பின் எண். கம்பெனி எங்கே பதிவு செய்துகொண்டது என்பதைத்தான் அது சொல்லும். சரக்கு எங்கே பிறந்தது என்பதையல்ல.

890க்குப் பின் வரும் எண்களில் கம்பெனியின் எண் எங்கே முடிகிறது? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரிட்டானியாவுக்கு 8901063 என்று ஏழு இலக்கங்கள். கடைசி எண் சரிபார்ப்புக்கு. ஆகவே சரக்குகளுக்கு ஐந்து இலக்கங்கள் மிஞ்சும், ஒரு லட்சம் சரக்குக்கு எண் தரலாம். சிறிய கம்பெனிக்கு முன்னெண்ணே நீளம். சரக்குக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோ இலக்கந்தான். எனவே பதிவேட்டைக் கேட்பதே வழி. இணையத்தில் Verified by GS1 என்ற பக்கத்தில் பதின்மூன்று எண்களையும் இட்டால், அந்த எண் யாருக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். அடுத்தவர் எண்ணைத் திருடி அச்சிட்டாலும் கருவி படித்துவிடும். பெயரும் பொட்டலமும் பொருந்தாதபோதுதான் திருட்டு வெளிப்படும்.

என் எண்ணை இட்டேன். வேறொரு ஊர்க் கம்பெனியின் பெயர் வந்தது. கடிதம் எழுதினேன். "கற்பூரம் எங்களுடைய பெயரில் விற்பதுதான், செய்து தருகிறவர்கள் பலர். எந்தத் தொகுதி எண் என்று தெரிவித்தால் விசாரிக்கிறோம்" என்று மரியாதையாகப் பதில் வந்தது. தொகுதி எண் அந்தக் கோடுகளுக்குள் இல்லை. அது வேறிடத்தில் அச்சடித்திருந்திருக்கும், நான் கிழித்தெறிந்த துண்டில்!

கோத்திரம் தெரிந்தது, பெற்றவர் தெரியவில்லை. இப்போதெல்லாம் தட்டு ஆறும்வரை உறையைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.