பந்திக்கும் வாந்திக்கும் நடுவே எத்தனை மணி நேரம்? ஃபுட் பாய்சன் கிருமியைக் கண்டுபிடிக்க உதவும் கணக்கு!

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் ஒரு காதணி விழா நடப்பதாக வைத்துக்கொள்வோம். பந்தியில் சாப்பிட்ட 7 பேருக்கு வாந்தி. சாப்பாட்டு மாதிரி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய் ரிப்போர்ட் வர சில நாட்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாதே! அதனால், விசாரிக்க வரும் சுகாதாரத் துறையினர் ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்விகளை முதலில் கேட்பார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்கு உடம்பு முடியாமப் போச்சு?

இந்த இடைவெளிக்குப் பெயர் நோயரும்பு காலம். இங்கே விழா தொடங்கிய நேரம் முக்கியம் இல்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தவருக்கும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கும் இரண்டு மணி நேரம் வித்தியாசம் இருக்கலாம். அதனால் ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும்.

சராசரி ஏன் வேண்டாம்?

அந்த 7 பேரின் இடைவெளி 3, 3, 4, 4, 5, 6, 24 மணி நேரம் என்று வருகிறது. கூட்டி வகுத்தால் சராசரி 7. ஆனால் வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை, அதாவது 4-வது ஆளை எடுத்தால் 4 மணி நேரம். இதுதான் இடைநிலை. 24 மணி நேரம் கழித்து விழுந்தவர், மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் சாப்பிட்டிருக்கலாம். அவருக்கு வேறு நோயே கூட இருக்கலாம். அந்த ஒருவர் சராசரியை 7-க்கு இழுத்துவிட்டார், இடைநிலையை அசைக்க முடியவில்லை.

சரி, 4 மணி நேரம் என்றால் என்ன அர்த்தம்? வயிற்றுக்குள் போன கிருமி பெருகி வேலையைக் காட்ட இந்த நேரம் பொதுவாகப் போதாது. அப்படியானால் விஷம் உணவிலேயே தயாராக இருந்திருக்கிறது. 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் சந்தேகம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மீதும், ஆறிப்போன சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் மீதும் விழும். 10, 12 மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும் என்றால் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறிய கறிக்குழம்பு அதற்கு ரொம்பப் பிடித்த இடம். காய்ச்சலோடு 12 முதல் 36 மணி நேரம் என்றால் சால்மோனெல்லா.

ஐஸ்கிரீமைக் காட்டிக்கொடுத்த சிறுவன்

உலகம் முழுக்க நோய்ப்பரவல் பாடத்தில் சொல்லித்தரும் நிஜ வழக்கு ஒன்று இருக்கிறது. 1940 ஏப்ரல் 18, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம், ஆஸ்வீகோ மாவட்டத்தில் ஒரு சர்ச் விருந்து. விசாரிக்கப்பட்ட 75 பேரில் 46 பேருக்கு உடல்நலக் குறைவு. அவர்களில் இரண்டு நேரமும் சரியாகத் தெரிந்தவர்கள் 22 பேர்தான். அந்த 22 பேரை வைத்துப் பார்த்தபோது நோயரும்பு காலம் 3 முதல் 7 மணி நேரம், இடைநிலை 4.

இதில் ஒரு சிக்கல். 8 வயது சிறுவன் ஒருவனுக்கு மதியம் 3 மணிக்கே உடம்பு சரியில்லை. விருந்தோ மாலையில்தான்! இவன் கணக்கில் சேர மாட்டான் என்று ஒதுக்கத் தோன்றும். விசாரித்தால், காலை 11 மணிக்கே அவன் விருந்துக்கான ஐஸ்கிரீமை ருசி பார்த்திருக்கிறான். 11-லிருந்து 3 வரை, அதே 4 மணி நேரம்.

மற்ற கணக்கும் அங்கேயே போய் நின்றது. வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். சாப்பிடாத 21 பேரில் 3 பேருக்கு மட்டுமே. பால் கலவையை முந்தைய நாள் செய்து, இரவு முழுக்க சர்ச்சின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். தயாரித்த இருவரில் ஒருவரின் மூக்கு, தொண்டை மாதிரிகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருந்தது.

எங்கே சறுக்கும்?

ஸ்டஃபைலோகாக்கஸும், வாந்தி எடுக்க வைக்கும் பேசில்லஸ் சீரியஸும் ஒரே நேரத்தில்தான் வேலை காட்டும். நேரத்தை மட்டும் வைத்து அந்த இரண்டையும் பிரிக்க முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். (இரண்டின் விஷமும் சூடுபடுத்தினால் அழியாது. 'கொதிக்க வச்சுதானே கொடுத்தோம்' என்ற பதில் இங்கே செல்லாது.) சால்மோனெல்லாவும் நோரோ வைரஸும் ஒன்றின் நேரத்தில் இன்னொன்று வரும். நோரோ என்றால் விருந்துக்கே போகாத வீட்டு ஆட்களுக்கும் அடுத்தடுத்து தொற்றும். அவர்களையும் கணக்கில் சேர்த்தால் இடைநிலை தவறாக நீளும்.

எதிர்முனையும் உண்டு. 2013 ஜூலை 16-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் உயிரிழந்தனர். சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே குழந்தைகள் சுருண்டு விழுந்தார்கள். காரணம் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. இவ்வளவு குறைந்த இடைவெளி வந்தால் கிருமியைத் தேடி நேரத்தை வீணடிக்காமல், ரசாயன விஷத்துக்கான மாற்று மருந்தைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.