பூனையைத் தடவிப் பார்த்த பையனும் ஆறு கிழமைகளும்

1728இல் லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் வில்லியம் செசல்டன் ஒரு பையனைப் பற்றி எழுதினார். வயது 13 அல்லது 14. பிறந்ததிலிருந்தே இரண்டு கண்ணிலும் புரை. பகல் எது, இரவு எது என்று தெரியும். நல்ல வெளிச்சத்தில் கறுப்பு, வெள்ளை, கடும் சிவப்பு தெரியும். உருவம் எதுவும் தெரியாது. செசல்டன் ஊசியால் புரையைத் தள்ளிவிட்டார், வழி திறந்தது.

ஆனால் பையனுக்குப் பார்த்தது விளங்கவில்லை. தோலில் ஒரு பொருள் தொடுவதைப் போல, பார்க்கும் எல்லாம் கண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தான். வீட்டிலிருந்த பூனை எது, நாய் எது என்று அடிக்கடி மறந்துபோனது. திரும்பத் திரும்பக் கேட்க வெட்கம். ஒருநாள் பூனையைப் பிடித்துக் கையால் தடவினான், தடவினால் அவனுக்குத் தெரியும். பிறகு அதை உற்றுப் பார்த்து, இனிமேல் உன்னை அடையாளம் காண்பேன் என்று சொல்லி இறக்கிவிட்டானாம்.

இந்தக் கதையை மெய்யியலாளர்கள் நூற்றாண்டுகளாகப் பேசினார்கள். நாங்கள் இங்கே கேட்பது வேறு கேள்வி. கண் திறந்தும் பார்வை ஏன் உடனே வரவில்லை? விடை கிடைக்க இருநூறு வருசத்துக்கு மேல் ஆனது. அதுவரை எத்தனையோ குழந்தைகளின் காலம் வீணாகப் போனது.

வைத்தியர்கள் கெட்டவர்களாக இருந்ததால் அப்படி நடக்கவில்லை. அவர்கள் பொறுத்திருந்தார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. குழந்தையின் கண் மிகச் சிறியது. அன்றைய முறையில் வில்லையைக் கிழித்துவிட்டால், மிச்சமிருந்த சவ்வு திரும்பவும் மங்கிப்போகும். ஒரு கண்ணுக்குப் பல தடவை சத்திரசிகிச்சை செய்ய வேண்டிவரும். மயக்க மருந்தும் ஆபத்து. பிள்ளை கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்ப்போம் என்பது நியாயமாகவே பட்டது. வளர்ந்த ஒருவரின் கண்புரையை எடுத்தால் பார்வை திரும்பி வருகிறதே, குழந்தைக்கும் வராதா? வரவில்லை. கண் சுத்தமாக இருந்தது, பிள்ளைக்குத்தான் பார்வை இல்லை. குறிப்பாக ஒரு கண்ணில் மட்டும் புரையோடு பிறந்த குழந்தைகளைக் கைவிட வேண்டியதுதான் என்ற எண்ணம் 1970கள் வரைக்கும் பரவலாக இருந்தது.

ஏன் என்பதைக் காட்டியவை பூனைக்குட்டிகள். 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் இருவரும் குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். விழித்திரை நன்றாக வேலை செய்தது. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் கலங்கள் கிட்டத்தட்ட இல்லை. அந்த இடத்தைத் திறந்திருந்த கண் பிடித்துவிட்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதேயளவு காலம் மூடினால் இந்தப் பாதிப்பு வரவில்லை. இன்னொன்றும் தெரிந்தது: இரண்டு கண்ணையும் மூடினால் விளைவு ஒரு கண்ணை மூடியதை விடக் குறைவு.

அதாவது பிறந்த மூளையில் இரண்டு கண்களும் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. படம் அனுப்பும் கண் வெல்லும், மங்கலை அனுப்பும் கண் தோற்கும். இந்தப் போட்டி நடக்கிற காலம் குறுகியது. அது முடிந்த பிறகு புரையை எடுத்தால், ஜன்னல் திறந்திருக்கும், உள்ளே பார்க்க ஆள் இருக்காது. செசல்டனின் பையனுக்கு இரண்டு கண்ணும் சமமாக மூடியிருந்தன, வெளிச்சமும் கொஞ்சம் போனது. ஒரு கண் புரைக் குழந்தைகளுக்கு அந்தச் சமநிலைகூட இல்லை.

இதை நம்பி 1981இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு சிறு தொகுதிக் குழந்தைகளின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கண்ணில் புரையோடு பிறந்தவர்கள்; முதல் ஆறு கிழமைக்குள் சத்திரசிகிச்சை, உடனே கொன்டாக்ட் லென்ஸ். கைவிடப்பட்ட கண்களில் நல்ல பார்வை வந்தது. பிறகு வந்த ஆய்வுகளும் ஒரு கண் புரைக்கு ஏறத்தாழ ஆறு கிழமை என்ற எல்லையையே காட்டின. இரு கண் புரைக்கு எட்டு முதல் பத்துக் கிழமை வரை இடமுண்டு. அப்படியென்றால் பிறந்த அன்றே செய்யலாமே? கூடாது. முதல் நாலு கிழமைக்குள் செய்தால் கண்ணழுத்தம் கூடும் குளுக்கோமா வரும் ஆபத்து அதிகம். நாலுக்கும் ஆறுக்கும் இடையில் ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான்.

ஆனால் புரையை எடுப்பது பாதி வேலை. புரை என்பது மங்கிப்போன வில்லை. அதை எடுத்தால் கண்ணில் குவிக்கும் சாமான் இல்லை. பெரியவர்கள் போடும் சாதாரணக் கண்ணாடி இரண்டு மூன்று டயொப்டர் இருக்கும். இந்தக் குழந்தைக்கு 30 அளவில் தேவைப்படலாம். அந்த லென்ஸ் இல்லாவிட்டால், சுத்தமான கண்ணும் மங்கலைத்தான் அனுப்பும், போட்டியில் திரும்பவும் தோற்கும்.

ரொறன்ரோவில் 1999இல் வெளியான ஒரு ஆய்வு இதை அழகாகக் காட்டியது. குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதல்முதலாக லென்ஸ் போட்டவுடன் பார்வையை அளந்தார்கள். ஒன்பது மாதப் பிள்ளைக்கும் பிறந்த குழந்தையின் பார்வைதான். அறையைச் சுற்றிப் பார்க்க விட்டு ஒரு மணித்தியாலம் கழித்து அளந்தார்கள். கூடியிருந்தது! மூளை காத்திருந்தது படத்துக்குத்தான்.

ஒரு குழந்தையை வைத்து யோசிப்போம். பிறந்த மூன்றாம் நாள், இருட்டறையில் கண்ணுக்கு நேராக ஒளி பிடிக்கிறார் டொக்டர். வலது கண்மணி சிவப்பாக ஒளிர்கிறது; இடது ஒளிரவில்லை. ஐந்தாம் கிழமை சத்திரசிகிச்சை. அடுத்த சில நாட்களில் கொன்டாக்ட் லென்ஸ், அதுவும் கிட்டப் பார்வைக்கு ஏற்ப இரண்டு மூன்று டயொப்டர் கூட்டி. கைக்குழந்தையின் உலகம் அம்மாவின் முகத்தளவு தூரம்தானே. கண் வளர வளர லென்ஸின் பவரை மாற்ற வேண்டும். அதோடு நல்ல கண்ணை மூடுவது: ஒரு மாதக் குழந்தைக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மாதத்துக்கு இரண்டு, எட்டு மாதம் வரை இப்படியே கூட்டி, பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. பிள்ளை அழும், ஒட்டியதைப் பிய்த்தெறியும். வருசக்கணக்கில் வீட்டுக்காரர்தான் பாடுபட வேண்டும்.

இதெல்லாம் செய்தாலும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் 114 குழந்தைகளில், கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைப்பதையும் கொன்டாக்ட் லென்ஸையும் ஒப்பிட்டார்கள். நாலரை வயதில் பார்வையில் வித்தியாசம் இல்லை; உள்ளே வைத்தவர்களுக்கு மேலதிக சத்திரசிகிச்சை கூடத் தேவைப்பட்டது. இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ பாதிக் கண்களின் பார்வை 6/60 அல்லது அதைவிடக் குறைவு, அதாவது மற்றவர் 60 மீற்றரில் காண்பதை இவர்கள் 6 மீற்றரில்தான் காண்பார்கள்.

பிந்தினால் ஒன்றுமே இல்லையா? அப்படியும் இல்லை. இந்தியாவில் பவன் சின்ஹாவின் குழு, எட்டு வயதுக்கு மேல் புரை எடுத்த பிள்ளைகளைப் பரிசோதித்தது. முதல் நாட்களில் தடவித் தெரிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண முடியவில்லை. சில நாட்களில் முடிந்தது. பூனையைத் தடவிய பையனும் அப்படித்தான் கற்றான். ஆனால் கூர்மை முழுதாகத் திரும்புவதில்லை.

ஆகவே குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால், பிளாஷ் போட்ட படத்தில் ஒரு கண் சிவப்பும் மற்றது வெள்ளையுமாக விழுந்தால், கண்கள் நிலைக்காமல் ஆடினால், வளரட்டும் என்று சொல்லிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே கண் வைத்தியரிடம் போங்கோ. கண்கள் ஆடத் தொடங்கிவிட்டால் கதவு ஏற்கெனவே மூடத் தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம்.