தரவுத்தளத்துக்குள் பூட்டு வந்த கதை

2002 ஏப்ரல் 5 அன்று கலிபோர்னியா மாநில அரசின் டீல் தரவு மையத்தில் இருந்த ஒரு சர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். மாநில அரசு ஊழியர்கள் சுமார் 2,65,000 பேரின் சம்பள விவரங்கள் அதில் இருந்தன. பெயரோடு சமூகப் பாதுகாப்பு எண்ணும் இருந்தது. அமெரிக்காவில் இந்த இரண்டும் கையில் கிடைத்தால் போதும், அடுத்தவர் பெயரில் கடன் வாங்கிவிடலாம். புகுந்தது தெரியவே மே 7 ஆகிவிட்டது. ஊழியர்களுக்குச் சொல்ல அதற்கு மேலும் இரண்டு வாரம் பிடித்தது. அத்தனை நாளும் அவர்கள் ஒன்றும் அறியாமல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் கோபத்தில் எஸ்.பி. 1386 என்ற சட்டம் பிறந்தது. அதே ஆண்டு கையெழுத்தாகி 2003 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவாசிகளின் தனிப்பட்ட தரவு வெளியாரிடம் போனால், அதை வைத்திருந்த நிறுவனம் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒரு விலக்கும் உண்டு. தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆக, ஏதாவது நடந்தால் நிறுவனம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. போனது குறியாக்கம் செய்த தரவா? யாருடைய தரவு போனது? இன்று தரவுத்தளங்களுக்குள் இருக்கும் பாதுகாப்பின் பெரும்பகுதியை இந்த இரண்டு கேள்விகளைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

சட்டத்தின் கூர்மை 2005-இல்தான் உறைத்தது. பிப்ரவரியில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, பேக்கப் டேப்புகளை அனுப்பும் வழியில் தொலைத்துவிட்டதாக அறிவித்தது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் கணக்கு விவரங்கள் அவற்றில் இருந்தன. ஜூனில் சிட்டிகுரூப், கூரியரில் அனுப்பிய ஒரு பெட்டி டேப் போய்ச் சேரவில்லை என்று 39 லட்சம் வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல நேர்ந்தது. இங்கே யாரும் எந்தச் சர்வருக்குள்ளும் புகவில்லை. கடவுச்சொல், ஃபயர்வால், பயனர் அனுமதி எல்லாம் தரவுத்தளம் ஓடும்போது காவல் நிற்பவை. டேப்பில் ஏறிய கோப்பை அவை தொடர்ந்து போவதில்லை. டேப்பை எடுத்தவர் அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்தால், அங்கே அவரே நிர்வாகி.

அதுவரை குறியாக்கமே இல்லை என்றில்லை. ஆரக்கிள் 8ஐ காலத்திலேயே அதற்கான நிரல் தொகுப்பு வந்திருந்தது. ஆனால் வேலை முழுவதும் நிரலாளர் தலையில் விழுந்தது. எழுதும் இடத்தில் எல்லாம் குறியாக்கவும், படிக்கும் இடத்தில் எல்லாம் விடுவிக்கவும் அவரே நிரல் எழுத வேண்டும். சாவியை வைக்க இடம் தேடி, கடைசியில் அதே தரவுத்தளத்தில் ஒரு டேபிளிலோ புரொசீஜருக்குள்ளோ எழுதிவைத்துவிடுவார். டேப் தொலைந்தால் பூட்டோடு சாவியும் சேர்ந்தே போகும்.

2005 கோடையில் வெளிவந்த ஆரக்கிள் 10ஜி இரண்டாம் வெளியீடு இந்த வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படைத்தது. நிரலை மாற்ற வேண்டியதில்லை, தொடக்க அமைப்பு முடிந்தபின் இப்படி ஒரே வரி போதும்:

```sql
ALTER TABLE employee MODIFY (ssn ENCRYPT);
```

ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு சாவி உருவாகிறது, வட்டில் எழுதும் எண்ணை அது குறியாக்குகிறது. அந்தச் சாவியும் தரவுத்தளத்துக்குள்தான் இருக்கிறது, ஆனால் தலைமைச் சாவியால் குறியாக்கப்பட்ட நிலையில். தலைமைச் சாவி மட்டும் வெளியே, வாலட் என்ற தனிக் கோப்பில் இருக்கும். இந்த இரண்டு அடுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தலைமைச் சாவியை மாற்ற நினைத்தால், கோடிக்கணக்கான வரிசைகளைத் திரும்ப எழுத வேண்டாம். டேபிள் சாவிகளை மட்டும் புதிய தலைமைச் சாவியால் மறுபடி மூடினால் போதும். மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் 2008-இல் முழுத் தரவுத்தளத்துக்கும் இதே போன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

ஆனால் அந்த ஒரு வரியை ஓட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஏற்கெனவே தரவு நிறைந்த டேபிளில் அதை ஓட்டினால் புதிய பிரதி குறியாக்கமாகிறது. பழைய பிரதி கிடந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறதே தவிர, அதில் இருந்த எழுத்துகள் உடனே அழிவதில்லை. சோதிக்க எளிய வழி உண்டு. குறியாக்கும் முன் சோதனைக்காக நீங்களே எழுத்து வடிவில் உள்ளிட்ட ஓர் எண்ணை, தரவுக் கோப்பின் பிரதியில் `strings` கட்டளையால் தேடிப் பாருங்கள். பளிச்சென்று கண்ணில் பட்டால் பழைய எச்சம் இன்னும் கிடக்கிறது. டேபிளைப் புதிய டேபிள்ஸ்பேஸுக்கு நகர்த்தி, பழையதை நீக்கி, அதன் கோப்பை மேலெழுதி அழிப்பதுதான் தீர்வு.

இன்னொரு ஓட்டை எக்ஸ்போர்ட். டேட்டா பம்ப் கொண்டு டேபிளை வெளியே எடுக்கும்போது, தரவுத்தளம் கடமையாக எண்ணை விடுவித்துத் தருகிறது. அந்தக் கோப்புக்குத் தனியாகக் குறியாக்கம் கேட்காவிட்டால் அதில் எல்லாம் வெளிப்படையாகவே எழுதப்படும். `ORA-39173` என்று ஓர் எச்சரிக்கை வரும். இரவில் தானாக ஓடும் வேலையின் லாகில் அந்த வரியை யார் படிக்கிறார்கள்? சோதனைக்கு என்று அனுப்பிய அந்தக் கோப்பு எத்தனை மடிக்கணினிகளில் தங்கிவிடுகிறது?

இதெல்லாம் முதல் கேள்விக்கான பதில். இரண்டாவது கேள்வியை இந்தப் பூட்டு தொடவே இல்லை. சம்பளப் பிரிவில் வேலைபார்க்கும் ஒருவர் தன் கடவுச்சொல்லோடு உள்ளே வந்து, எல்லா ஊழியர்களின் எண்களையும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அனுமதி இருக்கிறது. தரவுத்தளம் ஒவ்வொன்றாக விடுவித்துக் கையில் கொடுக்கிறது. அவருடைய கடவுச்சொல்லைத் திருடியவர் வந்தாலும் அதேதான். யாருடைய தரவு போனது என்று அறிய வேண்டியது தணிக்கை. ஆரக்கிள் 9ஐ-இலேயே நுண்தணிக்கை என்ற வசதி வந்திருந்தது. எல்லா வினவல்களையும் பதிவு செய்தால் குப்பைதான் சேரும். ஆகவே, எண் இருக்கும் பத்தியை யாராவது தொட்டால், அதுவும் தன் துறையில் இல்லாதவருடைய வரிசையைத் தொட்டால் மட்டும் எழுதிவை என்று இதில் நிபந்தனை போடலாம். யார், எப்போது, எந்த வினவலைக் கேட்டார் என்பது பதிவாகும்.

பதிவாவது கேள்விதான், பதில் இல்லை. அந்த வினவல் அன்று எந்தெந்த ஊழியர்களைக் காட்டியது என்று அறிய வேண்டுமானால், தரவுத்தளத்தின் அந்த நேரத்து நிலையில் அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். பதிவோடு மாற்ற எண் ஒன்றும் சேமிக்கப்படுவதால் அது முடியும், பழைய நிலை இன்னும் மேலெழுதப்படாமல் இருக்கும் வரை. டீல் மையத்தில் நடந்ததுபோல் ஒரு மாதம் கழித்துத் தெரியவந்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போயிருக்கும். அதனால் மிக அந்தரங்கமான தரவு உள்ள டேபிள்களில் ஊழியர் எண்ணையும் சேர்த்துப் பதிவுசெய்வது நல்லது. பதிவு இருக்கும் இடமும் முக்கியம். அதே தரவுத்தளத்தின் நிர்வாகி அழிக்கக்கூடிய டேபிளில் இருந்தால், நிர்வாகியையே சந்தேகிக்க நேரும் நாளில் அது சாட்சியாக நிற்காது. எழுதிய உடனே வேறொருவர் பொறுப்பில் உள்ள வேறு சர்வருக்குப் போய்விட வேண்டும். நம்பத்தகுந்த பதிவு இருந்தால் நாற்பது பேருக்குக் கடிதம் போனால் போதும். இல்லையென்றால் யாரை விடுவது என்று தெரியாமல் 2,65,000 பேருக்கும் எழுத வேண்டிவரும்.

சட்டமும் பிறகு வளர்ந்தது. எஸ்.பி. 1386 எழுதப்பட்டபோது எது குறியாக்கம் என்று அதில் விளக்கமே இல்லை. துறையில் ஏற்கப்பட்ட முறையாக இருக்க வேண்டும் என்ற வரையறை 2016-இல்தான் சேர்ந்தது. 2017 ஜனவரி 1 முதல் இன்னொரு திருத்தம் வந்தது. குறியாக்கிய தரவோடு அதைத் திறக்கும் சாவியும் போய்விட்டதாக நம்ப நியாயம் இருந்தால், பழைய விலக்கு செல்லாது. வாலட்டைக் கடவுச்சொல் இல்லாமல் தானாகத் திறக்கும்படி அமைத்து, தரவுக் கோப்புகளோடு அதே பேக்கப்பில் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனங்கள் இனி எல்லாருக்கும் கடிதம் எழுதியாக வேண்டும்.