முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா: யூசுபின் சட்டையும் கைகரின் வாதமும்

1898இல் சென்னை வேப்பேரியில் எஸ்.பி.சி.கே. அச்சகம் ஒரு சிறு நூலை அச்சிட்டது. ஜெர்மானிய யூத அறிஞர் ஆபிரகாம் கைகர், பான் பல்கலைக்கழகம் அறிவித்த பரிசுப் போட்டிக்காக எழுதி 1833இல் வெளியிட்ட ஆய்வின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. மொழிபெயர்த்தவர் எஃப். எம். யங் என்ற பெண்மணி. டெல்லியில் இயங்கிய ஆங்கிலிக்கன் மிஷனுக்குத் துணைநின்ற மகளிர் சங்கத்தைச் சேர்ந்தவர். யூத மதத்திலிருந்து முகம்மது நபி எதையெல்லாம் எடுத்துக்கொண்டார் என்பதே நூலின் கேள்வி. அந்தக் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது: எடுத்திருக்கிறார் என்பது முன்முடிவு, எதை என்பது மட்டுமே ஆய்வு. குர்ஆனையும் தோராவையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பலரும் இந்தப் பதிப்பின் வழியாகவே கைகரைப் படித்தார்கள். அவருடைய உழைப்பு பெரிது. ஆயினும் யூசுப் கதையில் அவர் காட்டிய சான்று ஒன்று அவருக்கே எதிராக நிற்கிறது என்பது என் வாதம்.

எல்லாரும் அறிந்த கதைதான். வேறுபடும் இடத்துக்கு நேரே போகலாம். ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தில் போத்திபாரின் மனைவி யோசேப்பின் ஆடையைப் பற்றுகிறாள். அவன் அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறான். கணவன் வீடு திரும்பும்வரை அவள் ஆடையைத் தன்னிடமே வைத்திருந்து, பிறகு அதைக் காட்டிப் பழி சுமத்துகிறாள். ஆடை கிழிந்ததாக ஒரு சொல்கூட அங்கில்லை. குர்ஆனின் 12ஆம் அத்தியாயமான சூரா யூசுபில் இருவரும் வாசலை நோக்கி ஓடுகிறார்கள். அவள் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக் கிழிக்கிறாள். வாசலிலேயே கணவன் எதிர்ப்படுகிறான். அப்போது அவள் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நியாயம் சொல்கிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல்வது உண்மை, பின்புறம் கிழிந்திருந்தால் பொய் (வசனங்கள் 25–28).

இந்தக் கிழிசலும் அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் சாட்சியும் தோராவில் இல்லாததால், கைகர் அவற்றுக்கு யூத மூலம் தேடினார். 'செஃபெர் ஹயாஷார்' என்ற எபிரேய நூலில் அது கிடைத்ததாகக் கொண்டார். அங்கே வழக்கு நடக்கிறது. தொட்டில் குழந்தை ஒன்று வாய் திறந்து சாட்சி சொல்கிறது. ஆடையின் கிழிசலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் இதுதான் மூலம் என்று தோன்றும். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் தீர்ப்பு வரும் இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த எபிரேய நூலில் ஆடை முன்புறம் கிழிந்திருக்கிறது. அதனாலேயே யோசேப்பு குற்றமற்றவர் என்று நீதிபதிகளாக அமர்ந்த பூசாரிகள் முடிவு செய்கிறார்கள். அவன் முகம் அவளை நோக்கியிருக்கும்போது அவள்தான் பற்றி இழுத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் காரணம். குர்ஆனில் யாரைக் குற்றவாளியாக்கும் கிழிசலோ, இங்கே அதுவே அவரை விடுவிக்கிறது.

ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்றால், எடுத்தவர் திசையைத் தலைகீழாகத் திருப்பியிருக்க வேண்டும். ஏன் திருப்பினார்? குர்ஆனில் கிழிசல் பின்புறம் இருப்பதற்கு உள்ளேயே காரணம் உண்டு: யூசுப் ஓடுகிறார், அவள் துரத்துகிறாள், சட்டை அவர் உடம்பிலேயே இருக்கிறது. எபிரேய நூலிலோ ஆடை ஆதியாகமத்தில் உள்ளபடி அவள் கையில் தங்கிவிடுகிறது. கூடவே அது கிழிந்தும் இருக்கிறது. ஆடையைப் பறிகொடுத்துவிட்டு ஓடியவனுக்குக் கிழிசல் எதற்கு? ஓட்டத்தோடு ஒட்டாத அந்தக் கிழிசல், வேறொரு கதையிலிருந்து கொண்டுவந்து தைத்த ஒட்டுப்போலவே எனக்குப் படுகிறது. தோராவின் ஆடையையும் குர்ஆன் வழிவந்த கிழிசலையும் சேர்க்கப் போனவர், சேராத இடத்தில் திசையை மாற்றிக்கொண்டார் என்று ஊகிக்கிறேன்.

ஊகத்துக்குத் துணையாக மேலும் இரண்டு செய்திகள். அந்த நூலில் போத்திபாரின் மனைவிக்கு 'ஸெலிகா' என்று பெயர். தோராவிலும் குர்ஆனிலும் அவள் பெயரில்லாதவள். சாரணபாஸ்கரனின் 'யூசுப் ஜுலைகா' மூலம் தமிழர்க்கும் பழகிய ஜுலைகா என்ற பெயர் இஸ்லாமிய மரபில், குறிப்பாகப் பாரசீகக் கவிதையில், செழித்தது. அடுத்து, நமக்குக் கிடைக்கும் முதல் அச்சுப் பதிப்பு 1625இல் வெனிஸில் வந்தது. அதற்கு முன் 1552இல் நேப்பிள்ஸில் ஒரு பதிப்பு வந்ததாக முன்னுரை சொல்கிறது. அதன் படி எங்கும் அகப்படவில்லை. நூல் இயற்றப்பட்ட காலம் இன்னும் தீராத வழக்கு. இடைக்காலம் என்பதில் பலர் உடன்படுகிறார்கள். எந்த நூற்றாண்டு என்பதில் இல்லை. குர்ஆனுக்கு முந்தியது என்று கைகர் நம்பியதுபோல இன்று யாரும் எளிதில் நம்ப முடியாது.

அம்பைத் திருப்பி எய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அலெக்சாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூதத் தத்துவஞானி ஃபிலோ, யோசேப்பு பற்றிய தம் நூலில் ஆடையையே சாட்சியாக்கி வாதாடுகிறார். வன்முறை அவனுடையதாக இருந்தால் அவளுடைய ஆடைதான் அவனிடம் இருக்கும். அவளுடையதாக இருந்ததால்தான் அவன் தன் ஆடையை இழந்தான் என்பது அவர் தர்க்கம். அவரும் கிழிசலைச் சொல்லவில்லை. ஆனாலும் ஆடையின் நிலையைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் எண்ணம் குர்ஆனுக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. பெண்கள் கத்தியால் கையை அறுத்துக்கொள்ளும் காட்சியும் (வசனம் 31) இப்படித்தான். 'தன்ஹூமா' என்ற எபிரேய விளக்க நூலில் அது இருக்கிறது. அந்நூல் பல நூற்றாண்டுகளில் அடுக்கடுக்காகத் தொகுக்கப்பட்டதால், இந்தப் பகுதி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2011இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜோசப் விட்ஸ்டம் அளித்த ஆய்வேடு, யூத நூல்களோடு நில்லாமல் சிரியாக் கிறித்தவர்களின் யோசேப்புப் பாடல்களையும் பார்க்கச் சொன்னது. யார் யாரிடம் எடுத்தார் என்பதைவிட, ஒரே கதையைப் பல சமயத்தார் பக்கத்துப் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்ற சித்திரமே எனக்கு ஏற்புடையது.

கைகர் கேட்காத கேள்வி வேறு: அந்தக் கிழிசல் குர்ஆனுக்கு எதற்கு வேண்டியிருந்தது? ஆதியாகமத்தில் யோசேப்பின் உடுப்பு இரண்டு முறை பொய்க்குத் துணைபோகிறது. ஆட்டின் இரத்தத்தில் தோய்த்த அங்கியைக் கண்டு யாக்கோபு நம்பிவிடுகிறார். மனைவி காட்டிய ஆடையைக் கண்டு போத்திபார் கோபமடைகிறான். சூரா யூசுபில் 'கமீஸ்' என்ற ஒரே சொல் மூன்று இடங்களில் வருகிறது. முதல் சட்டையில் பொய் இரத்தம். ஆனால் தந்தை யாகூப் ஏமாறவில்லை (வசனம் 18). ஓநாய் தின்றதென்றால் சட்டை ஏன் கிழியவில்லை என்று அவர் ஐயுற்றதாகப் பிற்கால விரிவுரையாளர்கள் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டாவது சட்டை கிழிந்து உண்மை பேசுகிறது. மூன்றாவது, பார்வை இழந்த தந்தையின் முகத்தில் பட்டு ஒளி தருகிறது (வசனங்கள் 93–96). பொய் சொல்ல வைக்கப்பட்ட சட்டை உண்மை சொல்லி, பிறகு குணமாக்கும் வரை நடக்கும் பயணம் இது. நடுச்சட்டையில் கிழிசல் இல்லையென்றால் இந்தப் படிக்கட்டில் ஒரு படி விழுந்துவிடும். ஆகவே அதைக் கடன் வாங்கிய அலங்காரம் என்பதைவிட, அத்தியாயத்தின் கட்டுமானம் கேட்டுப் பெற்ற உறுப்பு என்பதே பொருந்தும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. சட்டை உண்மை சொல்லியும் யூசுப் சிறைக்குப் போகிறார். சான்றுகளைக் கண்ட பின்னரும் அவரைச் சிறையில் இடவே முடிவு செய்தார்கள் என்று 35ஆம் வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆதியாகமத்தில் அவர் பொய்யை நம்பிய எசமானால் சிறை புகுகிறார். குர்ஆனில் உண்மையை அறிந்தவர்களால்.